அம்மை இல்லை, ஆயின்மெண்ட்

பி.எஸ்சி. கடைசி வருஷம், முகம் முழுக்கப் பரு. நாமக்கல் தோல் டாக்டர் ட்ரெட்டினாயின் க்ரீம் எழுதினார். ராத்திரி மட்டும், பட்டாணி அளவு என்றார். பட்டாணியெல்லாம் யாருக்குப் பத்தும்? கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்குள் பளபளவென்று ஆகிவிட வேண்டும். லீவுக்கு மலையேறி, திண்ணனூர் நாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் பேஸ்ட் மாதிரி அப்பினேன். ஒரே வாரத்தில் முகம் செக்கச்செவேல். தோல் உரிந்தது, வாயைத் திறந்தால் உதட்டோரம் வெடித்தது.

மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆத்தா வந்துட்டா சாமி."

"அம்மா, இது க்ரீம் பண்ண வேலைம்மா."

"வாய மூடு கண்ணு. ஆத்தாளப் போயி க்ரீமுங்கற."

வாசலில் வேப்பிலை ஏறியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை சோப்பு, எண்ணெய், வாசப்படி மூன்றும் கிடையாது. என் முகத்துக்கு வேண்டியதே இதமாக ஒரு கழுவலும் ஈரப்பசைக்கு ஏதாவது ஒரு பூச்சும்தான். ரெண்டும் தீட்டு. மேலே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். பச்சைப் புண்ணில் தீ வைத்த மாதிரி இருந்தது. நான் கத்தியதைக் கேட்டு, ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சூடம் ஏற்றினார்கள்.

பிராக்டிகல் நாளில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். படியிலேயே மறித்தார்.

"வேப்பல கட்டுன ஊட்டுப் புள்ள ஏறலாமுங்களா? பஸ் நெறயக் கொழந்தைங்க இருக்குதுங்க."

"அம்மை இல்லீங்கண்ணா. பரீட்சைங்க."

"அடுத்த வருசம் எழுதிக்கலாம் கண்ணு. எறங்கு."

பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்வரை நின்றேன். கண்ணீர் பட்ட இடமும் எரிந்தது.

தண்ணீர் ஊற்றியபின் டாக்டரிடம் போனேன்.

"பட்டாணின்னா உங்க ஊர்ல பலாப்பழமாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மொதல்ல தோல் ஆறட்டும், க்ரீமைத் தொடாத. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடு. அரைமணி நேரம் வெச்சுக் கழுவிட்டு மாய்ஸ்சரைசர் தடவு. அது பழகினதும் ராத்திரி முழுக்க வெச்சுக்கலாம். அப்ப ப்ரெட்டு, ஜாம், ப்ரெட்டு மாதிரி. அடியில மாய்ஸ்சரைசர், நடுவுல பட்டாணி க்ரீம், மேல மறுபடியும் மாய்ஸ்சரைசர். எரிஞ்சா நாள் இடைவெளிய கூட்டு. வெயில்ல மூஞ்சியக் காட்டாத."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"உன் தோல் இவ்ளோ மென்மைன்னு அன்னிக்குத் தெரியாதே."

மாதக்கணக்கில் பொறுத்தேன். இந்த முறை எரியவில்லை. பரு மெல்ல அடங்கியது. என் வகுப்பு பட்டம் வாங்கிப் போனது. நான் ஜூனியர்களோடு அதே பியூரெட்டைப் பிடித்து நின்றேன். டீச்சர் டிரெயினிங்கில் எனக்குக் கிடைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போயிருந்தது.

ஊரில் அம்மா மாவிளக்கு எடுத்தாள். "ஒரு தழும்பு வெக்காமப் போயிட்டா ஆத்தா" என்று என் கன்னத்தைத் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். நல்ல உச்சி வெயில். நான் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.