கீழ்ப்பக்கத்து அரைவட்டம்

தெமோதரைக்கு மேலே, ஆசிரியர் விடுதி என்று ஒரு பலகை மட்டும் சாட்சி சொல்லும் கட்டடத்தில், அந்த மலையிலேயே சிக்கலெண் பகுப்பாய்வு தெரிந்த ஒரே மனிதராகக் கிருஷ்ணராஜ் வாழ்ந்து வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர். பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் படையெடுப்பும் பட்டாபிஷேகமும் வரும். இவருடைய சரித்திரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும், ஆறிப்போன தேத்தண்ணியும், வெளிவாரிப் பட்டத்துக்கு மிச்சமிருந்த கடைசிப் பாடமும்தான் வருகின்றன.

ஒருநாள் சரித்திர ஆசிரியர் இன்ஸாப் அவருடைய தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னா ஸார், மலையா வரைஞ்சிருக்கீங்க?"

"அரைவட்டம்."

"பிள்ளைகளுக்கா?"

"எனக்கு."

இன்ஸாப் இரக்கத்தோடு தலையாட்டினார். "காலாகாலத்துல கல்யாணம் கட்டியிருந்தா இந்த வருத்தம் வந்திருக்காது."

இந்த வருத்தம், அதாவது கணக்கு நோய், பிடித்த இன்னொருவர் லுணுகலையில் இருந்தார். கலாராணி டீச்சர். இதே பாடத்துக்குப் பதுளையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மற்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது இவர்கள் இருவர்தான். வகுப்பும் முடிந்த பிறகு, கணக்கைச் செய்து படம் பிடித்துப் போனில் அனுப்பிக்கொண்டார்கள்.

இங்கேதான் கிருஷ்ணராஜ் தமது மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தார். விடை சரியென்றால் டீச்சரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். பிழையென்றால் குரல் வரும்.

முதல் பிழை உண்மையான பிழைதான். அரைவட்டத்துக்குள் இரண்டு துருவங்கள் இருக்க, ஒன்றின் எச்சத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டார். டீச்சர் நிதானமாக விளக்கிக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் கேத்தல் கொதிக்கும் சத்தம், ஒரு பஸ்ஸின் ஹோர்ன். கிருஷ்ணராஜ் அதைச் 'சந்தேகம் தீர' மறுபடி மறுபடி கேட்டார். அதன் பிறகு ஒழுங்காகப் பிழை செய்யத் தொடங்கினார். அதுவும் சும்மா இல்லை. முதலில் சரியாகச் செய்து பார்த்து, அப்புறம் அதை அக்கறையோடு கெடுக்க வேண்டும்.

பரீட்சை வரும் சனிக்கிழமை. அதற்குப் பிறகு டீச்சருக்கு எதை அனுப்புவது? கடைசிப் பிழை, பெயர் சொல்லும் பிழையாக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: 1/((x²+1)(x²+4)) என்பதை மறை முடிவிலியிலிருந்து நேர் முடிவிலி வரை தொகையிட வேண்டும். துருவங்கள் i, 2i, −i, −2i. எல்லாரும் மேலே அரைவட்டம் போட்டு i, 2i இரண்டையும் பிடிப்பார்கள். கிருஷ்ணராஜ் கீழே போட்டார். அது குற்றமில்லை. ஆனால் அச்சு வழியே இடமிருந்து வலம் போய்க் கீழ்வழியாகத் திரும்பினால் பாதை வலஞ்சுழியாகிவிடும். எச்சங்களின் கூட்டுத்தொகையை −2πi ஆல் பெருக்க வேண்டும். அவர் அந்த மறைக்குறியை மனதாரத் தின்றுவிட்டு, −π/6 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு அனுப்பினார்.

பொழுது சாய்ந்து, பனி ஜன்னலை மூடியபோது குரல் வந்தது.

"ஸார், எங்கயும் மைனஸ் ஆகாத சார்பு. அதோட பரப்பு எப்படி ஸார் மைனஸ்ல வரும்? ஓஎல் படிக்கிற பிள்ளை கூடக் கேக்கும்." இந்தத் தடவை பின்னால் கேத்தல் சத்தமும் இல்லை. "இன்னொண்ணும் சொல்லணும். தெரியாதவங்க ஒரே தப்பத்தான் திரும்பத் திரும்பச் செய்வாங்க. நீங்க ஒருதடவ செஞ்சத மறுதடவ செய்யிறதே இல்ல. பேசணும்னா பேசுங்க ஸார். அதுக்கு எதுக்குப் பாவம், அந்தத் தொகையீட்டப் போட்டுக் கொல்றீங்க?"

கிருஷ்ணராஜ் இதை மறுபடி கேட்கவில்லை. காது சுட்டது. தாளை எடுத்தார். மேலே அரைவட்டம். i இல் எச்சம் 1/(6i). 2i இல் −1/(12i). கூட்டினால் 1/(12i). 2πi ஆல் பெருக்கினால் π/6. அரைவட்டத்தின் வில் மேல் வரும் பகுதி πR/((R²−1)(R²−4)) ஐ மிஞ்சாது. R பெருகப் பெருக அது பூச்சியத்துக்குப் போய்விடும். எவ்வளவு பெரிய சுற்றுச் சுற்றினாலும் சுற்றியதற்கென்று ஒன்றும் மிஞ்சாது. இதை இத்தனை மாதமாக எழுதிக்கொண்டிருந்தவருக்கு இன்றைக்குத்தான் கொஞ்சம் உறைத்தது.

அனுப்பினார். உடனே கட்டைவிரல் வந்தது.

இனி கணக்கில்லாத ஒரு வாக்கியம் வேண்டும். 'டீச்சர்' என்று அடித்தார். அழித்தார். 'நீங்க சொன்னது' என்று அடித்தார். அதையும் அழித்தார். கணக்கென்றால் விடையைச் சரிபார்த்துவிட்டு அனுப்பலாம். இதை எதில் சரிபார்ப்பது? கடைசியில், பட்டதாரியாகப் போகிறவர் முழு மூளையையும் கசக்கி ஒன்றை எழுதி அனுப்பினார்:

"அங்க மழையா?"

செய்தியின் அடியில் இரண்டு டிக்கும் நீலமாயின; டீச்சர் பார்த்துவிட்டார். கட்டைவிரல் வரவில்லை. குரலும் வரவில்லை. கிருஷ்ணராஜ் போனை மேசையில் முகம் மேலே இருக்க வைத்துவிட்டு, கதிரையை அதன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.