என்னை இன்றைக்கு ஆக்கிய படிக்கட்டு

எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். நடுவில் சிரித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். அதனால் மெதுவாகத்தான் போகும்.

மராட்டிக்காரர்கள் ஊரான போபோடியில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து எங்கள் வீடு இருக்கும் மூன்றாம் மாடிக்குப் பன்னிரண்டு படி. நாலாவது படியில் ஒரு மூலை உடைந்திருக்கும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கும், தெரியாதவர்கள் வழுக்குவார்கள். நான் வழுக்கியதில்லை. முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் வேலைக்கு இருட்டிலும் வெளிச்சத்திலும் ஏறி இறங்கிய கால் இது.

வேலை பிம்ப்ரி பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில். அந்தப் பக்கத்து ஆலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார லீவு. ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேட்டியைக் கட்டிக்கொண்டு திரியும்போது நான் டிபன் டப்பாவோடு லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். வியாழன் அன்று நான் மட்டும் வீட்டில். புதன்கிழமை மேஸ்திரி "நாளைக்கு முதல் ஷிப்ட்" என்று சொன்னால் அது வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். யாரும் கேட்க மாட்டோம். மேஸ்திரி மராட்டிக்காரர், அதனால் கிழமையெல்லாம் எனக்கு மராட்டியிலேயே ஊறிப்போயிற்று.

மகள் தேஹு ரோடு பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் ஃபைல் தூக்கும் வேலை பார்க்கிறாள். மேஜைக்கு மேஜை நடக்கிற வேலை. ஆபீசுக்குள்ளேயே வைக்கிற பரீட்சை எழுதினால் கிளார்க் ஆகலாம், உட்கார நாற்காலி கிடைக்கும். இரண்டு தடவை எழுதிவிட்டாள். இரண்டு தடவையும் கொஞ்ச மார்க்கில் போயிற்று. வயசுக் கணக்குப்படி மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை நடைதான்.

அவளைக் கவிழ்த்தது அந்தப் பரீட்சையில் வருகிற கிழமைப் புதிர்தான். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒன்றைப் படித்துக் காட்டினாள்.

"நாளைக்கு முந்தின நாளுக்கு அடுத்த நாள் சனிக்கிழமைன்னா, இன்னைக்கு என்ன கிழமைப்பா?"

"இன்னைக்கு திங்கக்கிழமைல்லா. காலண்டர்ல பாரு."

"ஐயோ, நெஜ இன்னைக்கு இல்ல. புதிர்ல உள்ள இன்னைக்கு."

"அது எந்த ஊர்ட்டி?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை மடக்கினாள். ஒன்று கூட்டி, ஒன்று கழித்து, மறுபடி ஒன்று கூட்டி. மொத்தத்தில் ஒரு நாள் கூடுதல். அதுவரைக்கும் சரிதான். அப்புறம் சனிக்கிழமையோடும் ஒரு நாள் கூட்டி ஞாயிறு என்று எழுதினாள். புத்தகத்துக்குப் பின்னால் வெள்ளி என்று போட்டிருந்தது.

"எங்க இருந்து கெளம்புனேன்னே மறந்துபோயிடுதுப்பா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆறாவது படியில் நிறுத்தினாள்.

"இங்கயே நில்லுங்க. நீங்கதான் இன்னைக்கு. என்ன கிழமைன்னு உங்களுக்கே தெரியாது. ஒண்ணும் பேசக்கூடாது."

ஒரு படி ஏறினால் அடுத்த நாள். ஒரு படி இறங்கினால் முந்தின நாள். என்னைத் தாண்டி ஒரு படி ஏறினாள், அது நாளை. ஒன்று இறங்கினாள். திரும்ப ஒன்று ஏறினாள். எனக்கு ஒரு படி மேலே நின்றாள்.

"இந்தப் படி சனி. இப்ப உங்ககிட்ட திரும்பி வரணும். கீழ ஒண்ணு. வெள்ளி! அப்பா, நீங்க வெள்ளிக்கிழமை!"

என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். எழுபத்திரண்டு வயசில் ஒருவன் வெள்ளிக்கிழமை ஆவது சாதாரணமா? எனக்கும் சந்தோஷம்தான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் படிக்கட்டுதான். எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாளை எல்லோரும் காகு, அதாவது சித்தி, என்போம்; அவள் மேல்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பார்ப்பாள். நான் சும்மா நிற்கிறவன் இல்லையே. ஒரு நாள் கீழே கொத்தமல்லிக்காரன் குரல் கேட்டு இரண்டு படி இறங்கிவிட்டேன்.

"இன்னைக்கு எங்கப்பா போச்சு?" என்று கத்தினாள்.

"கொத்தமல்லி வாங்கப் போச்சு."

அப்புறம் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவள் என்னிடம் திரும்பி வரும்போது ஒவ்வொரு படிக்கும் கிழமை சொல்வது. அங்கேதான் வினை. சில கணக்கு சரியாக வந்தது, சில தப்பாக வந்தது. எது எப்போது தப்பும் என்று பிடிபடவில்லை. பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் புதிர் இது: நேற்றைக்கு முந்தின நாளுக்கு மூன்று நாள் முன்னால் செவ்வாய், இன்றைக்கு என்ன? என்னிடமிருந்து இரண்டு படி இறங்கினாள், பிறகு மூன்று. ஐந்து படி கீழே நின்று, "இது செவ்வாய். சொல்லுங்கப்பா" என்று ஏற ஆரம்பித்தாள்.

"புத்வார்" என்றேன். "சுக்ரவார். சனிவார். ரவிவார். சோம்வார்." என் படிக்கு வந்துவிட்டாள்.

"திங்கள். புத்தகத்துல ஞாயிறுன்னு போட்டிருக்கு." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏறுனதும் சரி, எறங்குனதும் சரி. என் மண்டைதான் சரியில்ல. விடுங்கப்பா, நான் எழுதப் போகல."

அப்போது மேலேயிருந்து காகு பட்டாணித் தட்டைத் தட்டினாள்.

"காகா, மாஜா குருவார் குடே கேலா?"

மாமா, என் வியாழக்கிழமை எங்கே போச்சு என்கிறாள். வியாழன்தோறும் விரதம் இருக்கிறவள். அவளுக்கு அந்தக் கிழமை தொலைந்தால் காதில் விழாமல் இருக்குமா?

மகள் தலையைத் தூக்கினாள். "அப்பா, மறுபடி சொல்லுங்க. புதனுக்கு அப்புறம் என்ன?"

"சுக்ரவார்."

"வியாழன்?"

"அது லீவுல்லா."

அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. தப்பின கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் வியாழனைத் தாண்டிப் போன கணக்கு. முப்பத்தாறு வருஷம் ஆலையில் எண்ணின எண்ணிக்கை, வேலையை விட்டு வந்தபிறகும் என் வாயை விட்டுப் போகவில்லை.

"லீவு நாளும் நாள்தான்ப்பா!"

"இத அந்த மேஸ்திரிட்ட யாரும் சொல்லலையே."

"உங்க வேல போச்சு. நீங்க சும்மா நின்னாப் போதும்" என்றாள். அன்றிலிருந்து கிழமையை அவளே சொன்னாள். நான் நின்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவள், "ரெண்டு கேள்வி வந்துச்சு. பேப்பர்ல ஒரு புள்ளி வச்சேன், அதான் நீங்க. நகரவே இல்ல" என்றாள்.

பிறகு கொஞ்ச மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கையில் ஒரு காகிதம், முகமெல்லாம் பல்.

"நாளைக்கு மறுநாளுக்கு முந்தின நாள் நான் நாற்காலியில உக்காரணும். என்னைக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. வெளியே போனேன். ஆறாவது படியில் என் செருப்பைக் கழற்றி வைத்தேன், அது இன்றைக்கு. ஒன்று ஏறினேன், நாளை. இன்னொன்று ஏறினேன், மறுநாள். ஒன்று இறங்கினேன். செருப்புக்கு ஒரு படி மேலே நின்றேன். செருப்பு புதன்.

காகு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாய் வரைக்கும் வெள்ளி வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"குருவார்!" என்று கத்தினேன்.

காகு கை தட்டினாள். மகள் இனிப்பு வாங்கிவரப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். போகிற போக்கில் என் செருப்பையும் தட்டிவிட்டாள். இன்றைக்கு என்பது உருண்டு இரண்டாம் மாடி வாசலில் போய்க் கிடந்தது.