நானே பெற்றதாகக் கருதவும்

அருப்புக்கோட்டை நூல் மில்லில் யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றாலும் தனுஷ்கோடியிடம்தான் வருவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் எழுதுகிற காகிதத்தில் தன் பங்குக்கு ஒரு வரி கூடுதலாகப் போடாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூற்றிரண்டில், சூப்பர்வைசரை அடித்துவிட்டார் என்று சொல்லி அவரைச் சஸ்பெண்டு செய்தார்கள். தள்ளியது உண்மை, அடித்தது பொய். விசாரணையில் சொல்லிவிட்டால் வேலை தப்பும் என்று காத்திருந்தார். அதற்குள் எம்.ரெட்டியபட்டியில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் வந்தது.

கிளம்புமுன் மில் ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தான் ஊரில் இல்லாதபோது தனக்கு வரும் கடிதங்களைத் தன்னோடு வேலை பார்க்கும் இருளப்பசாமி கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார் என்று எழுதி, இருளப்பசாமியின் மாதிரிக் கையெழுத்தையும் வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம், பாவி மனுஷன். 'அவர் பெற்றால் நானே பெற்றதாகக் கருதவும்' என்று ஒரு வரியைச் சேர்த்தார்.

அம்மா இறந்துபோனாள். விசாரணைத் தேதி போட்ட நோட்டீசும் வந்தது. இருளப்பசாமி ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஒட்டிய கவரை வாங்கிக்கொண்டு, அன்றே ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறினார். கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த நண்பனைப் பார்த்ததும் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. துட்டி வீட்டில் மில் சங்கதியை எடுப்பதா? அடுத்தவர் கவரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் அவருக்கில்லை. கருமாதி கழியட்டும் என்று கவரைத் திரும்பக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

கருமாதி முடிந்து வந்து தனுஷ்கோடி பிரித்தபோது தேதி தாண்டியிருந்தது. ஆள் வரவில்லை என்று எழுதி, ஒருதலையாக விசாரணையை முடித்து, வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மதுரை லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை. சங்கத்துச் செயலாளர் ராஜகுரு பஸ்ஸிலேயே வழி சொன்னார்.

"அந்தக் கடிதம் நான் எழுதலைன்னு சொல்லிருங்கண்ணே. நோட்டீஸு உங்களுக்குச் சேரலைன்னு ஆயிரும். திரும்ப விசாரணை வைக்கணும்."

"அப்ப இருளப்பன்?" என்றார் தனுஷ்கோடி.

"கள்ளக் கடிதம் குடுத்தான்னு அவரைத் தூக்கிருவாக."

ஜன்னலோரம் இருந்த இருளப்பசாமி திரும்பவே இல்லை. "சொல்லிரு மாப்ளே. தப்பு என்னுது" என்றார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

லேபர் அதிகாரி கடிதத்தை நீட்டினார். "இது உங்க எழுத்தா?"

தன் எழுத்தைப் பார்க்கவே தனுஷ்கோடிக்கு அருவருப்பாக இருந்தது. "என் எழுத்துதான் சார்."

"அப்ப நோட்டீஸு உங்களுக்குச் சேர்ந்த மாதிரிதானே?"

பேச்சு முறிந்தது, கேஸ் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் கிடந்தது. தனுஷ்கோடி பருத்தி கமிஷன் கடையில் மூடை தூக்கினார். மில்லுக்குப் போகிற வழியில்தான் அந்தக் கடை. முதல் வாரம் இருளப்பசாமி குனிந்த தலையோடு சைக்கிளில் கடந்தார். அடுத்த வாரத்திலிருந்து வேறு தெரு வழியாகப் போனார். வேலை போனதைத் தாங்கிக்கொண்ட தனுஷ்கோடிக்கு இதைத் தாங்க முடியவில்லை.