கத்திரி கையெழுத்துப் போடாத கதை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் கத்திரி. கையிலும் கத்திரி, வாயிலும் கத்திரி என்று பார்லரில் கூட வேலை செய்த பெண்கள் வைத்த பட்டம் அது. யாராவது வம்புக்கு இழுத்தால் நறுக்கென்று ஒரு வார்த்தை விழும். அதன்பிறகு இழுத்தவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

முடி வெட்டுவதில் அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. இடுப்பு வரை கூந்தல் வைத்திருக்கும் பெண் வந்து உட்கார்ந்து, "காது வரைக்கும் வெட்டிடலாமா அக்கா?" என்று தயங்கினால், மற்றவர்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்பார்கள். கத்திரி யோசிக்க விடமாட்டாள். "வெட்டிப் பாப்போம்மா. பிடிக்கலைன்னா என்ன, முடிதானே, வளந்துட்டுப் போகுது" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பின்னல் தரையில் கிடக்கும். ஆனால் அதே பெண் தலைக்குச் சாயம் பூசச் சொன்னால் கத்திரி வேறு ஆளாகிவிடுவாள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி அனுப்பிவிட்டு, ரெண்டு நாள் கழித்து வா என்பாள். கல்யாணத்துக்குப் போக வேண்டும், காரில் ஆள் காத்திருக்கிறது என்று கெஞ்சினாலும் சரி, மந்திரி வீட்டிலிருந்து சிபாரிசு வந்தாலும் சரி, மசிய மாட்டாள். சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகம் பூசணிக்காயாக வீங்கிய ஒருத்தியை அவள் ஆரம்ப காலத்திலேயே பார்த்துவிட்டாள்.

தன் பிழைப்பையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். ஆண்கள் சலூனில் ஆறு மாதம் நின்று பார்த்தாள். சினிமாக்காரர்களுக்கு மேக்கப் போடப் போனாள், பிடிக்காமல் திரும்பினாள். வேறு ஊருக்குத் தனியாகப் போய் ஒரு வருஷம் வேலை பழகினாள். சொந்தக்காரர்கள் வாயில் கைவைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பார்லர் முதலாளியம்மாவிடம் நேரில் போய், "அக்கா, போய்ப் பாக்கிறேன், சரிப்படலைன்னா வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முதலாளியம்மாவும் முனகிக்கொண்டே ஜன்னலோரத்து நாற்காலியை அவளுக்கென்று விட்டுவைப்பார். அந்த நாற்காலி இருந்ததால்தான் அவள் அத்தனை துள்ளு துள்ளினாள். இது அவள் புருஷனுக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

மெயின் ரோட்டில் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு ஒரு பெரிய சலூன் வந்தது. அதன் முதலாளிக்கு வெளியூரிலும் கடைகள் உண்டு. கத்திரியின் கைவேலையைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். தலைமைப் பொறுப்பு, கீழே எட்டுப் பெண்கள், பெயர் பொறித்த சட்டை. கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கம்போல முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "ஒரு மாசம் போய்ப் பாக்கிறேன் அக்கா." முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். "போ போ. நாற்காலிய நான் என்ன தலையிலயா தூக்கி வச்சுக்கப் போறேன்?"

மாசம் நன்றாகவே போனது. கடைசி நாளன்று கண்ணாடிக்கடை முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். கத்திரி நிதானமாக வாசித்தாள். வேலையை விட்டால் மூன்று வருஷத்துக்கு இந்த ஊரில் சொந்தக் கடையோ அடுத்தவர் கடையோ, எங்கேயும் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு பத்தி இருந்தது.

"சார், நானா போனாத்தானா, இல்ல நீங்களே என்னை வெளிய அனுப்பினாலும் இப்படித்தானா?"

"அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி மேடம். உங்களை யாரு அனுப்பப் போறா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்."

அவர் சிரித்தார். "எப்படிப் போனாலும் மூணு வருஷம்தான்."

"அந்தப் பத்திய எடுத்துடுங்க. வேணும்னா எனக்குச் சம்பளமே வேண்டாம். நான் வெட்டுற தலைக்குப் பங்கு குடுங்க, போதும். கூட்டம் வரலைன்னா பட்டினி கிடக்கிறேன், அது என் பாடு. ஆனா கத்திரியைப் பிடிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"நம்பிக்கை இருந்தா கையெழுத்துப் போடுவீங்க மேடம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் முடிவு அந்த அறையிலேயே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் புருஷன் குதித்தான். அவன் ஒரு பார்சல் ஆபீஸில் வண்டி ஓட்டுபவன். மனைவி மேனேஜர் ஆகிவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்து முடித்திருந்தான்.

"நீயாடி பயப்படுற? ஊர் விட்டு ஊர் தனியாப் போன நீயா? ஒரு கையெழுத்துக்கா?"

"ஊருக்குப் போனேன், பஸ் பிடிச்சுத் திரும்பி வந்தேன். இதுல திரும்பி வர பஸ் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

"எப்பப் பாத்தாலும் திரும்பி வரதைப் பத்தியே பேசு. அந்தப் பழைய நாற்காலிய நம்பி இருக்கிற வரைக்கும் நீ உருப்பட மாட்டே."

"மூணு வருஷம் கத்திரி எடுக்காம இருந்தா என் கை என்னத்துக்கு ஆகும்? என்னைத் தேடி வரவங்க மூணு வருஷம் முடியை வளத்துக்கிட்டுக் காத்திருப்பாங்களா? வண்டிய விட்டா மூணு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாதேன்னு உங்க ஆபீஸ்ல கேட்டா நீங்க போடுவீங்களா கையெழுத்து?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். பதில் இல்லாத ஆண்கள் தட்டைத்தான் தள்ளுவார்கள்.

மறுநாள் காலையில் அவள் குளித்துவிட்டுப் பழைய பார்லருக்குக் கிளம்பினாள். அவள் உள்ளே நுழைந்தாள். சீப்பு கழுவிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளியம்மா தன் போனை நீட்டினார். பார்லர் ஆட்களும் பழைய வாடிக்கையாளர்களும் இருக்கும் குழுவில், கத்திரியின் எண்ணிலிருந்து, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு செய்தி போயிருந்தது. இனி உங்கள் கடைக்கு வரமாட்டேன். ஒருத்தி தலை துடைத்த துண்டை அலசாமல் அடுத்தவளுக்குப் போடும் இடத்தில் இத்தனை வருஷம் கிடந்ததே பெரிது. உங்கள் நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரிக்குப் புரிந்துவிட்டது. அவள் குளிக்கும்போது போன் புருஷனிடம் இருந்தது.

"அக்கா, சத்தியமா நான் அனுப்பல. நான் குளிக்கப் போனப்ப போன் அவர்கிட்ட இருந்துச்சு."

"தெரியும். நீ என்னைத் திட்டணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டுவே." முதலாளியம்மா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆனா அந்தத் துண்டு விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

 போன மழையில் துணி துவைக்கும் மெஷின் கெட்டுப்போய் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்படி நடந்தது உண்மை. அன்றைக்கு முதலாளியம்மாவோடு சண்டை போட்டு, அந்த ஆத்திரத்தை அவள் வீட்டில் போய்க் கொட்டியதும் உண்மை.

"உன் வார்த்தைதானே அது?"

"ஆமா அக்கா."

"காலையில இருந்து மூணு பேரு வரலைன்னுட்டாங்க. இப்ப உன்னை உக்கார வச்சா, துண்டு விஷயம் நிஜம், அதான் பயந்து திரும்பக் கூப்பிட்டுட்டான்னு பேசுவாங்க. உன் மேல எனக்குக் கோபம் இல்லடி. ஆனா முடியாது."

ஜன்னலோரத்து நாற்காலியில் வேறொரு பெண்ணின் கைப்பை இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டீவி நின்றது. "யாரைக் கேட்டு என் போனைத் தொட்டீங்க? என் பிழைப்புல மண்ணள்ளிப் போட நீங்க யாரு?"

"உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். திரும்பிப் போக வழி இல்லேன்னாத்தான் நீ முன்னால போவே. அதான் டெலிட் பண்ணிட்டேன்ல, இப்ப என்ன?"

"போன்ல டெலிட் பண்ணிட்டீங்க. படிச்சவங்க மண்டையில எப்படிங்க டெலிட் பண்ணுவீங்க?"

ஊர்ச் செய்திக்குத்தான் கால் உண்டே, சாயங்காலமே கண்ணாடிக்கடை முதலாளி போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது. "கேள்விப்பட்டேன் மேடம். இனி உங்களுக்கும் வேற இடம் இல்ல. நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு ஆட்டம் கண்டது உண்மைதான். வாடகை இருக்கிறது, வயிறு இருக்கிறது. புருஷன் வேறு எதிரில் நின்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறான். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நேத்து எனக்கு ஒரு நாற்காலி இருந்துச்சு. அப்பவே நான் போடல. இன்னிக்கு அதுவும் இல்ல. இன்னிக்குப் போட்டா என்னை மாதிரி முட்டாள் உண்டா? வைங்க சார் போனை."

அடுத்த நாளே அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம், முன்பு ஆறு மாதம் நின்ற ஆண்கள் சலூனுக்குப் போனாள். அங்கே ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. நடுவில் ஒரு திரை தொங்கவிட்டு, வார வாடகைக்குப் பேசினாள். சலூன்காரர் தாடையைச் சொறிந்தார். "பொம்பளைங்க இங்க வருவாங்களாம்மா?"

"வரலைன்னா அடுத்த வாரம் நாற்காலிய நீங்க எடுத்துக்கோங்க, நான் திரையைக் கழட்டிக்கிட்டுப் போறேன். உங்களுக்கும் நஷ்டமில்ல, எனக்கும் நஷ்டமில்ல."

முதல் நாள் ஒரே ஒருத்திதான் வந்தாள். அதற்காகக் கத்திரி அழவில்லை. பழைய பார்லர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியபோதுதான் அழுதாள். அந்தக் கதவைப் புருஷன் சாத்தினான், சாத்துவதற்கான பூட்டை அவளே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அவன் மேல் வந்த கோபம் பாதி தன் மேலும் வந்தது. அதனால் இரண்டு மடங்காக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாசத்துக்கு ஒருமுறை அவனுக்கு அவள்தான் முடி வெட்டுவாள். அவன் தயங்கித் தயங்கி முற்றத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். "லேசா ட்ரிம் பண்ணா போதும்" என்றான். சமாதானம் பேச வந்த குரல். இந்த வயதிலும் அவனுக்கு நல்ல சுருட்டை முடி, அதில் கர்வமும் உண்டு.

அவள் பின்னால் நின்றாள். நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் நின்றது. நான்கு நாளாக நின்றுகொண்டே இருந்தது. இனி உங்களோடு வாழமாட்டேன் என்கிற வாக்கியம். சொன்னால் நிம்மதியாக இருக்கும்போலத்தான் இருந்தது. மறுபடி சேர்ந்துகொண்டாலும் அது இந்த வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றும் தெரிந்தது. அவள் அதை மென்று விழுங்கினாள். முடி வெட்டும் மெஷினை எடுத்து, அதன் முனையில் மாட்டியிருந்த சீப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நெற்றியில் ஆரம்பித்துப் பிடரிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏய்! என்னடி பண்றே!"

"ஆடாதீங்க. காது போயிடும். காது வளராது."

அவன் உறைந்துபோய் உட்கார்ந்தான். சுருள் சுருளாக முடி தரையில் விழுந்தது. அவள் ஓரம் கூட விடவில்லை, மிச்சம் வைக்காமல் மழுங்க எடுத்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அவன் தலையைத் தடவிப் பார்த்தான், வாய் கோணியது.

"நாளைக்கு ஆபீஸ்ல எல்லாரும் என்ன கேப்பாங்க?"

"கேட்டா சொல்லுங்க. மூணு மாசத்துல வளந்துடும், என் பொண்டாட்டி வளர்றதைத்தான் வெட்டுவான்னு சொல்லுங்க."

அவன் கண்ணாடியைக் கீழே வைத்தான். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "நான் போய் அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?" என்றான்.

"போங்க. கேளுங்க. நாற்காலி வராது, இருந்தாலும் கேளுங்க."

அவள் மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நாளைக்குத் திரைக்குப் பின்னால் ரெண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதில் ஒருத்திக்குச் சாயம். காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கவேண்டும். முற்றத்தில் அவன் குனிந்து தன் முடியைத் தானே கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான்.