முனாபின் வட்டையில் சாய்ந்த மிசின்

வாவிக்கு மேற்கே வயல் ஊர்களான படுவான்கரையில் உழவு இயந்திரத்தை எல்லாரும் மிசின் என்றே சொல்வார்கள். கணவர் செபஸ்தியாம்பிள்ளை இறந்த பிறகு மக்டலினுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த மிசின்தான். மாரி மழையோடு பெரும்போக உழவு தொடங்கிய நேரம் பார்த்து, அது ஏறாவூர் முனாபின் வட்டையில், அவன் வயலில், வரம்பு சரிந்து குடைசாய்ந்தது. சாரதி குதித்துத் தப்பினான். முன் அச்சு முறிந்து, கியர்ப்பெட்டி வெடித்துக் கிடந்தது. காப்புறுதிப் பணம் வராவிட்டால் இந்தப் போகம் மட்டுமல்ல, மிசினே போனதுதான்.

காப்புறுதிக் கம்பனியிலிருந்து பரிசோதிக்க வந்த வல்லிபுரம் நல்ல மனிதர். சேறு மிதித்து மிசினைச் சுற்றி வந்தவர், வரம்பில் நின்று கேட்டார்.

"அம்மா, இது ஆருடைய காணி?"

"முனாப் தம்பியிட."

"கூலிக்கு உழுதனீங்களோ?"

"கூலியா? ஒரு சதமும் வாங்கிறல்ல ஐயா. உழுது குடுப்பம், வெட்டினாப் பிறகு நெல்லுத் தருவாங்க. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

காப்புறுதி எடுத்தபோதும் அவள் இதே மனத்தோடுதான் கூலி இல்லை என்று சொல்லியிருந்தாள். கையில் காசு புரளாதது கூலியா என்ன? வல்லிபுரம் பெருமூச்சு விட்டார்.

"நெல்லாத் தந்தாலும் கூலிதான் அம்மா. நீங்கள் எடுத்தது சொந்த விவசாயத்துக்கு மட்டும். அதாலதான் கட்டணம் குறைவு. வேற ஆக்களுக்கு உழுறதெண்டால் அதைச் சொல்லி, கூடக் கட்டியிருக்க வேணும். நீங்களே குத்தகைக்கு எடுத்துச் செய்யிற காணியெண்டால் பிரச்சினையில்லை."

வரம்போரம் நின்றிருந்த முனாப் முன்னால் வந்தான்.

"குத்தகைதான் ஐயா. அக்காவுக்குத்தான் இந்தப் போகம் குடுத்திருக்கன். எழுதுங்க, நான் கையெழுத்து வைக்கன்."

மக்டலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நெற்காணிச் சட்டம் வந்த நாளிலிருந்து எந்தக் காணிக்காரனும் குத்தகை என்ற சொல்லை வாயால்கூடச் சொல்வதில்லை. எழுத்தில் வந்துவிட்டால் செய்கிறவரையும் அவருக்குப் பின் அவர் சொந்தக்காரரையும் காணியை விட்டு எழுப்ப முடியாது. சொந்த மச்சானுக்கே வாய்ப்பேச்சில் மட்டும் காணி கொடுத்த மனிதன், தன் நாலு பிள்ளைகளின் சோற்றை அவள் கையில் தூக்கித் தரப் பார்க்கிறான்.

ஆசை வரவில்லையென்றால் பொய். ஒரு தலையசைப்புப் போதும், பணம் வந்து மிசின் எழும்பிவிடும். ஆனால் நாளைக்கு அவளுக்கு ஒன்று நடந்தால், அந்தக் கடதாசியோடு அவள் சொந்தக்காரர் இந்த வரம்பில் வந்து நிற்க மாட்டார்களா? அவர்களை அவளுக்குத் தெரியாதா?

"அவர் என்னில இரக்கப்பட்டுச் சொல்றாரு ஐயா," என்றாள். "குத்தகை இல்ல. உழத்தான் வந்தம்."

வல்லிபுரம் அதையே எழுதினார்; இனிக் காப்புறுதிப் பணம் வராது. அடுத்த முறை மறக்காமல் கூலி உழவையும் சேர்க்கச் சொன்னார், மிசினின் பின்னால் பூட்டும் இழுவைப் பெட்டியைத் தனியாகப் பதியவும் சொன்னார். அவருடைய ஜீப் போய் மறைந்தது.

"ஏனக்கா தடுத்தீங்க?" என்றான் முனாப். "நீங்க என்ர காணியப் புடிக்க மாட்டீங்கெண்டு எனக்குத் தெரியாதா?"

மிசின் சாய்ந்த அன்று மக்டலின் அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.