யாரும் கூப்பிடாத மூன்று மாதம்

கிள்ளான் பக்கத்து மேருவில் உணவுப் பொட்டலப் பெட்டி செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் விற்பனை பார்த்த சுகுமாறன், போட்டிக் கம்பெனிக்குப் போவதாகக் கடிதம் கொடுத்தார். நோட்டீஸ் காலம் மூன்று மாதம். மறுநாளே லேப்டாப்பையும் வாசல் அட்டையையும் வாங்கிக்கொண்டு, ‘கார்டன் லீவு’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வரும். ஆபீஸ் பக்கம் வரக்கூடாது, வாடிக்கையாளரிடம் பேசக்கூடாது, மூன்று மாதம் முடியும்வரை வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது. கம்பெனி கூப்பிட்டால் மட்டும் எடுக்க வேண்டும். அதற்காகக் கம்பெனிக் கைப்பேசியை அவரிடமே விட்டுவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்த கிஷன், வாடிக்கையாளர்களோடு பழகிக்கொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும்.

கிள்ளான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மனிதரால் முடியவில்லை. சாப்பிடும்போதெல்லாம் மனைவி சந்திரகலாவிடம் அலுத்துக்கொள்வார்.

“என்ன செய்றது லா, கஸ்டமருங்க எல்லாரும் என்னையே கூப்பிடுறாங்க. நான் இல்லாம ஒண்ணும் ஓடல.”

அவளும் நம்பி, பெருமையாகத் தங்கையிடம் சொல்லிவைத்தாள்.

அன்று ஆபீசிலிருந்து மனிதவளப் பிரிவு உஷாராணி கூப்பிட்டாள். சுகுமாறனுக்குக் கை முழுக்க மாவு. அதனால் ஸ்பீக்கரில் போட்டார். சந்திரகலா பக்கத்தில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நேத்து பிரிக்ஃபீல்ட்ஸ் ஜெய்னுதீன் பாய் கடைக்கு ரெண்டு லோரி பெட்டி போயிருக்கு. ஒண்ணு கிஷன் அனுப்புனது. இன்னொண்ணு நீங்க ஸ்டோருக்கு போன் பண்ணி அனுப்பச் சொன்னதாம்.”

“பாய் கூப்பிட்டாரும்மா. பெட்டி வரலைன்னு துடிச்சாரு. கம்பெனி நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே, பாய்கிட்ட கேட்டுட்டேன். நீங்கதான் கூப்பிட்டு, கிஷன் ஒழுங்கா அனுப்புறானான்னு கேட்டீங்களாம். உங்ககிட்ட இருக்கிறது கம்பெனி லைன். போன கால், வந்த கால் லிஸ்ட் எல்லாம் என் முன்னாலதான் இருக்கு. ஒரு மாசத்துல பதினோரு வாடிக்கையாளருக்கு நீங்க போன் போட்டிருக்கீங்க. உள்ள வந்த கால் ஒண்ணுகூட இல்லண்ணே.”

அவளை வேலைக்கு எடுத்த நேர்காணலில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் சுகுமாறன். இப்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை, பாவம் என்ற இரக்கம்தான் இருந்தது. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

“காரணம் கேட்டு லெட்டர் வரும். ரெண்டு நாள்ல எழுத்துல பதில் குடுங்க. சரியில்லன்னா விசாரணை வைப்பாங்க. வேலைய விட்டே நீக்கிட்டா மிச்ச நோட்டீஸ் சம்பளமும் இல்ல. உள்ளத உள்ளபடி எழுதுங்கண்ணே.”

அவள் போனை வைத்தாள். மாவுக் கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றார். சந்திரகலா அடுப்பை அணைத்தாள்.

“ஒருத்தரும் கூப்பிடலையாங்க?” என்றாள், மெதுவாக.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இல்ல கலா. ஒருத்தரும் கூப்பிடல.”