லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்

இராஜபாளையத்தில் காயத்துக்கு வைக்கும் காஸ் துணி, பேண்டேஜ், பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி இணையத்தில் விற்கிறேன். வாங்குவோரில் பாதிப் பேர் வெளிமாநிலம். ஒரு வாரம் அவர்களில் பலருக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். பெயர், விலாசம், வாங்கிய பொருள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, பார்சல் நிற்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சந்தேகம் வர நேரமே ஆகாது. பார்சல் கட்டும் பெண் அந்த மாதம்தான் புதுப் போன் வாங்கியிருந்தாள். அது போதாதா? கூட வேலை பார்க்கும் மற்றப் பெண்கள் பார்க்க அவள் போனைப் பிடுங்கித் துழாவினேன். ஒன்றும் இல்லை. அழித்திருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் அவள் வேலைக்கு வராததும் சந்தேகம் முடிவாகிவிட்டது.

வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தமிழில் குறிப்பெழுதிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினியிடம் போனேன். சென்னையில் ஒரு கம்பெனிக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் எழுதியவள் அவள். ‘எங்களிடம் வேலை பார்த்த பெண் உங்கள் விவரங்களைத் திருடிவிட்டாள்’ என்ற என் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“இது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வேற யாரு எடுப்பா?”

“அந்தப் பட்டியல் எங்க வச்சிருக்க? தொறந்து காட்டு.”

ஆர்டர்களைக் குறித்துவைக்கும் ஆன்லைன் ஷீட்டைப் போனில் திறந்தேன். லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்றிருந்தது. அப்படி வைத்தது நான். பார்சல் எடுக்க வருவது எளிதாகட்டும் என்று அந்த லிங்க்கை கூரியர் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான். குழுவில் முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியாது. எனக்கு முகம் எரிந்தது.

முதலில் லிங்க்கை மூடினோம். என் முதல் வரியை மதினி அடித்து நீக்கினாள். ஷீட் எத்தனை நாள் திறந்து கிடந்தது, அதில் என்னென்ன இருந்தன என்று எழுதினாள். கார்டு விவரம் எங்களிடம் இருப்பதில்லை, ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள் என்றும் எழுதினாள். தவறு எங்களுடையது, யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை என்று முடித்தாள். அங்கிருந்தே எல்லோருக்கும் அனுப்பினேன். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்று இரண்டு பேர் உடனே பதில் போட்டார்கள்.

அந்தத் தைரியத்தில் வ. புதுப்பட்டி பஸ்ஸில் ஏறி, பார்சல் கட்டும் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அறிவிப்பைத் தமிழில் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“அதுல என்னையப் பத்தி எழுதியிருந்தீயளா?”

“மொதல்ல எழுதியிருந்தேன். அடிச்சாச்சு.”

“அம்புட்டுப் பேருக்கு முன்னாலதான என் போனப் பிடுங்குனீய. இதையும் அங்க வச்சுச் சொல்லுங்க. பொறவு வேலைக்கு வாரதா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்.”